12 வயதுக்குட்பட்டோர் கோல்கீப்பர் பயிற்சி: 40 நிமிடம்

தேவை: இரண்டு கீப்பர்கள், 4ஆம் எண் பந்துகள் ஆறு, நீளக் கயிறு, கூம்புகள். புல்தரை நல்லது.

நிற்கும் இடம், 10 நிமிடம்
கோல் கம்பங்களில் கயிறு கட்டி, இரு முனைகளையும் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். கீப்பர் இரண்டு கயிறுகளுக்கும் நடுவே நிற்கட்டும். அப்புறம் இரண்டடி முன்னே வரச் சொல்லுங்கள். இருபுறமும் இடைவெளி சுருங்குவது அவர் கண்ணுக்கே தெரியும். பந்தை ஓரத்துக்கு நகர்த்தி மறுபடியும் செய்யுங்கள். ஷாட் அடிக்கும் கணத்தில் கீப்பர் அசையாமல் நிற்க வேண்டும்.

பிடிப்பது, 20 நிமிடம்
5 மீட்டரிலிருந்து கையால் மெதுவாக எறியுங்கள். மார்புக்கு மேல் வந்தால் கட்டைவிரல்கள் நெருங்கி, உள்ளங்கைகள் பந்தின் பின்னால் இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரட்டும். பிடித்த பந்தை மார்போடு அணைக்க வேண்டும். பந்து நழுவினால் திட்டாதீர்கள். கையைவிடக் கண்ணைக் கவனியுங்கள்: பந்து கைக்கு வருமுன்பே பார்வை விலகியிருக்கும். பாய்வதை முழங்காலிட்ட நிலையில் தொடங்குங்கள். முழங்கையில் அல்ல, பக்கவாட்டில் விழட்டும்.

பந்தை அனுப்புவது, 10 நிமிடம்
12 மீட்டரில், வலமும் இடமும் கூம்புகளால் இரண்டு வாசல்கள். கீப்பர் பந்தைப் பிடித்ததும் நீங்கள் ஒரு பக்கம் கையைத் தூக்குங்கள். அவர் நிமிர்ந்து பார்த்து அந்த வாசலுக்குள் உருட்டட்டும், பிறகு உட்பாதத்தால் பாஸ். தூர உதை இன்றைக்கு வேண்டாம்.