லேபிள் போட்டோ போகலை அண்ணி, டைப் பண்ணிட்டேன்

அண்ணி, மூணு தடவை அனுப்பிட்டேன், சுத்திக்கிட்டே நிக்குது. முத்தியால்பேட்டையில காலையிலேர்ந்து மழை, நெட்டே சரியில்ல. சளி மருந்து பாட்டில்ல இங்கிலீஷ்ல இருக்கிறதை ஒரு வரி விடாம தமிழ்ல அடிக்கிறேன்.

ஒவ்வொரு மி.லி.யிலும்: குளோர்ஃபெனிரமின் மாலியேட் ஐ.பி. 2 மி.கி., ஃபினைல்எஃப்ரின் ஹைட்ரோகுளோரைடு ஐ.பி. 5 மி.கி. சுவையூட்டிய சிரப் தேவையான அளவு. நிறம்: சன்செட் யெல்லோ எஃப்.சி.எஃப்.

அளவு: மருத்துவர் சொன்னபடி. தூக்கம் வரலாம். வெளிச்சம் படாம வைக்கவும். குழந்தைகள் கைக்கு எட்டாம வைக்கவும்.

அடியில ஒரு வரி, மருந்து வழிஞ்சு பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. ஈரத்துணியால துடைச்சப்புறம்தான் தெரிஞ்சது: "இந்தக் கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது."

பாப்பாவுக்கு ஆடி வந்தாதானே நாலு முடியும்! பெரியவனுக்கு எழுதிக் கொடுத்ததுல மிச்சம் இது. எக்ஸ்பைரி அடுத்த மார்ச், பேட்ச் நம்பர் அழிஞ்சிடுச்சு.

இன்னும் ஒரு சொட்டுகூட கொடுக்கல. டிராப்பர்ல எடுத்ததையும் கொட்டிட்டேன். ராத்திரி மூக்கடைச்சுத் தூங்கவே இல்ல, காய்ச்சல் 99.4. வெறும் சலைன் சொட்டு மட்டும் விடட்டுமா? நீங்க பார்மசியிலதான இருக்கீங்க, பார்த்ததும் போன் பண்ணுங்க அண்ணி. சாயங்காலம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், பாட்டிலையும் எடுத்துட்டுப் போறேன்.