சம்பா பயிர்க் காப்பீடு, மானியத்துக்கான விவசாயி பதிவு விண்ணப்பம்: நில ஆவணம், வங்கிக் கணக்கு விவரங்களுடன்

அனுப்புநர்
மு. அமிர்தவல்லி (வயது 46),
க/பெ. (லேட்) முருகையன்,
வடக்குத் தெரு, மேலவடக்குவெளி,
கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்
1. உதவி வேளாண்மை அலுவலர், மேலவடக்குவெளி பகுதி.
2. செயலாளர், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், மேலவடக்குவெளி.

நாள்: 27.10.2025

பொருள்: 2025-26 சம்பா நெல் காப்பீட்டில் சேர்த்தல், விவசாயி தனித்துவ அடையாள எண்ணில் விடுபட்ட நிலத்தைச் சேர்த்தல், பி.எம். கிசான் பதிவு, களை எடுக்கும் கருவிக்கான மானியம் ஆகியவை தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

மேற்கண்ட நான்கு வேலைகளும் வெவ்வேறு இடங்களில் நடப்பவை. காப்பீட்டுப் பதிவு சங்கத்தில், மற்றவை வேளாண்மைத் துறையில். ஆனால் நிலம் ஒன்று, ஆள் ஒன்று, கணக்கு ஒன்று. ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் பதிவாகிவிடக் கூடாது என்பதால் இருவருக்கும் ஒரே விண்ணப்பமாக எழுதுகிறேன். இதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் ஏற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவர் 2021ஆம் ஆண்டு காலமானார். அதன் பிறகு நிலத்தைப் பார்ப்பது நான்தான். நடவு, உரம், களை, அறுப்பு எல்லாம் என் பொறுப்பில் நடக்கின்றன. வாரிசுச் சான்று வாங்கி, மகன், மகள் இருவரின் சம்மதத்துடன் பட்டாவை என் பெயருக்கு மாற்றியிருக்கிறேன்.

நில விவரம்

முதல் நிலம்: மேலவடக்குவெளி வருவாய்க் கிராமம், புல எண் 112/3ஏ, 0.40.50 ஹெக்டேர் (ஒரு ஏக்கர், அதாவது 3 மா). தனிப்பட்டா, என் பெயரில். இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இரண்டாவது நிலம்: அதே கிராமம், புல எண் 118/2, மொத்தம் 0.81.00 ஹெக்டேர். கூட்டுப் பட்டா. பட்டாவில் என் பெயரும் என் கணவரின் அண்ணன் பெயரும் உள்ளன. பாதிப் பாதி என்று வாய்மொழியாகப் பிரித்து, நடுவே வரப்பு போட்டு, பல வருடமாகத் தனித்தனியாகப் பயிர் செய்கிறோம். வரப்புக்கு வடக்கே 0.40.50 ஹெக்டேர் என் சாகுபடி. உட்பிரிவுக்கு மனு கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன், அளவை இன்னும் நடக்கவில்லை. அதுவரை, தன் பங்கான 0.40.50 ஹெக்டேருக்கு மட்டுமே காப்பீடு செய்வதாகவும், என் பங்கை நான் பதிவதில் ஆட்சேபணை இல்லை என்றும் கணவரின் அண்ணன் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன். பட்டாவில் மொத்தப் பரப்பு 0.81.00 என்று இருப்பதால் இருவர் பெயரிலும் முழுப் பரப்பையும் ஏற்றிவிட வாய்ப்புண்டு. அப்படி ஏற்றினால் நிலத்தை விடக் காப்பீட்டுப் பரப்பு கூடிவிடும், பிறகு இரண்டு பேர் விண்ணப்பமும் மாட்டிக்கொள்ளும். என் பெயரில் 0.40.50 மட்டும் ஏற்ற வேண்டுகிறேன்.

2023 பிப்ரவரியில் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தபோது அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இந்த 118/2இல் என் பங்குக்கு அது வரவில்லை. பங்கு பிரிக்காத பட்டா என்பதுதான் காரணம் என்று சொன்னார்கள். வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே மழைதான் பெய்தது. அதனால்தான் இந்த நிலத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாவது நிலம்: இது கோயில் நிலம், குத்தகைச் சாகுபடி. புல எண் 43/1இல் 0.27.00 ஹெக்டேர் (2 மா). கணவருக்குப் பிறகு குத்தகை என் பெயருக்கு மாறியிருக்கிறது. நடப்பு ஆண்டு வரை செலுத்திய ரசீதும் உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் இருப்பது மேலவடக்குவெளி என்றாலும் இந்த நிலம் இருப்பது பக்கத்து வருவாய்க் கிராமமான கீழவடக்குவெளியில். ஊருக்குள் பேசும்போது எல்லாமே நம்ம ஊர் நிலம்தான். ஆனால் காப்பீட்டில் இழப்பீடு அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பயிர் அறுவடைப் பரிசோதனையும் அந்தந்தக் கிராமத்தில்தான் நடக்கிறது. 43/1 வடிகால் ஓரத்துப் பள்ள நிலம். கீழவடக்குவெளி மூழ்கும்போது மேலவடக்குவெளி தப்பிப்பது வழக்கம். கிராமம் மாறிப் பதிவானால் பிரீமியம் கட்டியும் பலன் இல்லை. எனவே இந்த 2 மாவையும் கீழவடக்குவெளி என்றே தேர்வு செய்து ஏற்ற வேண்டுகிறேன்.

ஆக சொந்த நிலம் 0.81.00 ஹெக்டேர் (2 ஏக்கர்), குத்தகை 0.27.00. காப்பீடு செய்யக் கேட்பது மொத்தம் 1.08.00 ஹெக்டேர், அதாவது 8 மா.

பயிர் விவரம்

பருவம் சம்பா, பயிர் நெல், ஆற்றுப் பாசனம். 112/3ஏ, 118/2 இரண்டிலும் செப்டம்பர் 12, 13 தேதிகளில் நேரடி விதைப்பு செய்தேன். 43/1இல் தண்ணீர் தங்கும் என்பதால் சி.ஆர். 1009 சப் 1 நாற்று விட்டு அக்டோபர் 9ஆம் தேதி நட்டேன். பசலி 1435க்கான அடங்கல் மூன்று புல எண்ணுக்கும் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துடன் உள்ளது.

கைப்பேசியில் படம் எடுத்துச் செய்த பயிர் கணக்கெடுப்பில் மட்டும் 43/1 தரிசு என்று பதிவாகியிருப்பதாகத் தெரிகிறது. படம் எடுத்த நாளில் அங்கே உழவு மட்டுமே முடிந்திருந்தது, நடவு அதற்குப் பிறகுதான். இப்போது பயிர் தூர் கட்டி நிற்கிறது. ஐயா (உதவி வேளாண்மை அலுவலர்) நேரில் ஒருமுறை பார்த்துத் திருத்தம் செய்ய வேண்டும். சங்கம் பக்கம் போகும் பாதையில், வடிகால் மதகுக்கு இடது கைப்பக்கம் இரண்டாவது வயல். நான் வந்து காட்டுகிறேன்.

வங்கிக் கணக்கு விவரம்

வங்கி: இந்தியன் வங்கி, சேமிப்புக் கணக்கு, என் தனிப் பெயரில். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4471. ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் 9036. கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2258.

விண்ணப்பம் பல கை மாறும் என்பதால் முழு எண்களை இங்கே எழுதவில்லை. பாஸ்புத்தக முதல் பக்க நகலில் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் அச்சில் தெளிவாக உள்ளன. அதைப் பார்த்தே ஏற்றவும், பழைய பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டாம். பழைய பதிவேட்டில் என் கணவரின் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது.

முந்தைய ஒரு பருவத்தில் நான் வேறொரு கணினி மையத்தில் காப்பீடு செய்தபோது கணக்கு எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்துவிட்டார்கள். ரசீதில் பெயரும் பரப்பும் சரியாக இருந்தன. கிராமத்தில் எல்லாருக்கும் பணம் வந்த பிறகுதான் எனக்கு வராதது தெரிந்தது. அந்தத் தொகையை வைத்து உரக்கடைப் பாக்கியை அடைக்கலாம் என்றிருந்தேன், கடைசியில் தோட்டை அடகு வைத்து அடைத்தேன். இந்த முறை பணம் கட்டும் முன் திரையில் உள்ள கணக்கு எண்ணை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்கிறேன். இரண்டு நிமிட வேலைதான் ஐயா.

ஆதார் இணைப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு மகளிர் குழுவுக்காகத் தொடங்கிய வேறொரு வங்கிக் கணக்கில்தான் என் ஆதார் இணைந்திருந்தது. ஆதார் வழி அனுப்பும் மானியத் தொகை, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். எனவே மேலே சொன்ன இந்தியன் வங்கிக் கணக்குக்கு இணைப்பை மாற்றி, மாறியதற்கான வங்கிக் கடிதத்தையும் வாங்கிவிட்டேன்.

பெயரில் ஒரு சின்ன வேறுபாடு. சிட்டாவிலும் ஆதாரிலும் AMIRTHAVALLI M. பாஸ்புத்தகத்தில் AMIRTHAVALLY M என்று இருந்தது, வங்கியில் எழுதிக் கொடுத்துத் திருத்திவிட்டேன். இனி எல்லாவற்றிலும் முதலில் சொன்னபடியே இருக்க வேண்டும்.

வேண்டுவது

செயலாளர் ஐயா அவர்களுக்கு: சொந்த நிலம் இரண்டுக்கும் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு அவரவர் விருப்பம்தான். எனக்கு விருப்பம் உண்டு, சேர்த்துவிடவும். குத்தகை நிலத்துக்குக் கடன் இல்லை, அதைக் கடன் பெறாத விவசாயி என்ற பிரிவில் தனியாகப் பதியவும். விவசாயி பங்கான ஒன்றரை சதவீதப் பிரீமியத்தை நிலம் வாரியாகக் கட்டிவிடுகிறேன். கடைசித் தேதி நவம்பர் 15 என்றாலும் கடைசி நாட்களில் சர்வர் நின்றுவிடுகிறது. இந்த வாரத்திலேயே முடித்துத் தந்தால் நல்லது. நாமினி என் மகன், உறவு: மகன், வயது 21.

உதவி வேளாண்மை அலுவலர் ஐயா அவர்களுக்கு: எனது தனித்துவ அடையாள எண்ணில் 112/3ஏ மட்டும் ஏறியிருக்கிறது. 118/2இல் என் பங்கையும் சேர்க்க வேண்டும். 43/1ஐச் சொந்த நிலமாகக் காட்ட வேண்டாம், அது சாமி நிலம்.

பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என் கணவருக்கு வந்துகொண்டிருந்தது, அவர் இறந்த பின் நின்றுவிட்டது. 01.02.2019க்குப் பிறகு பெயர் மாறிய நிலம் என்று என் பழைய மனு திரும்பியது. நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதிக் கட்டுப்பாடு கிடையாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்திருக்கிறேன், மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன்.

களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. பவர் வீடர் ஒன்று வாங்க விண்ணப்பிக்கிறேன். குறு விவசாயி, பெண் விவசாயி என்ற முறையில் 50 சதவீத மானியத்துக்கு என் பெயரை முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கவும். என் பங்குத் தொகை தயாராக உள்ளது.

இதில் உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை. ஒரே நிலத்துக்கு வேறெங்கும் நானோ, என் பெயரில் வேறு யாருமோ காப்பீடு செய்யவில்லை. பதிவு முடிந்ததும் மூன்று நிலத்துக்கும் தனித்தனி ரசீது தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மு. அமிர்தவல்லி

இணைப்பு: 112/3ஏ, 118/2 சிட்டா நகல், பசலி 1435 அடங்கல் (மூன்று புல எண்), 118/2 பங்குதாரர் சம்மதக் கடிதம், உட்பிரிவு மனு ரசீது, கோயில் குத்தகை ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குறு விவசாயி சான்று, ஆதார் நகல், பாஸ்புத்தக முதல் பக்க நகல், ஆதார் இணைப்பு மாற்றத்துக்கான வங்கிக் கடிதம், புகைப்படம் 2.