சந்தாவை நிறுத்தி, எங்கள் தகவல்களை அழிக்கவும்: சந்தா இல. 40718

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளின் சாதாரண தரப் படிப்புக்காக உங்கள் இணையவழி வகுப்புச் செயலியில் சேர்ந்திருந்தோம். பரீட்சை முடிந்துவிட்டது. இனிச் சந்தா வேண்டாம். இந்த மின்னஞ்சல் கிடைக்கும் நாளிலிருந்து அதை நிறுத்தி, மாதம் 1,450 ரூபாய் கழிக்கப்படும் என் வங்கி அட்டையின் விபரத்தையும் நீக்குங்கள். தொலைபேசியில் கேட்டபோது, ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம், இருந்து பாருங்கள் என்றார்கள். நன்றி, தேவையில்லை.

அடுத்தது தகவல்கள். மகளின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை, புகைப்படம், புள்ளிகள், எனது தொலைபேசி இலக்கம், தருமபுரம் வீட்டு முகவரி எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. கணக்கை முடக்கி வைத்தால் போதாது, அவற்றை முழுமையாக அழிக்க வேண்டும். உயர்தர வகுப்புக்கு ஆள் சேர்க்க இரவு எட்டு மணிக்குப் பிறகும் அழைப்பு வருகிறது. பிள்ளையின் பெயரைச் சொல்லியே பேசுகிறார்கள். அந்த விபரத்தை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் யாருக்கென்று சொல்லுங்கள், அவர்களிடமிருந்தும் நீக்கச் செய்யுங்கள்.

முன்பு கொடுத்த சம்மதத்தை இத்துடன் மீளப் பெறுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமைகளைக் குறிப்பிடுகிறது. கணக்குப் பதிவுக்காக ஏதாவது பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டுமென்றால், எதை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இனிப் பணம் கழிக்கப்பட்டால் வங்கியில் முறைப்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
ந. சுகந்தி
தருமபுரம், கிளிநொச்சி