எட்டுப் புள்ளிகள்

ராத்திரி இரண்டே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தபோது கயல் விழித்துத்தான் இருந்தாள். நாலு மாதமாக அப்படித்தான். அழைப்பு வரப்போகிறது என்று உடம்பு காத்துக்கொண்டே கிடக்கும். வராத இரவிலும் காத்துக் கிடக்கும்.

"எட்ச் மெஷின் மூணு டவுன். லாட்டை ஹோல்டுல போட்டிருக்கோம்."

"சரி, பார்க்கிறேன்."

அவள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பிராசஸ் எஞ்சினியர். வயது 27. சேர்ந்த புதிதில், ஒளியால் வடிவம் பதிக்கும் லித்தோ பகுதியைப் பற்றி அம்மாவிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். சில்லுகள் உருவாகும் வேஃபர் தகட்டில் பூசும் ரசாயனம் நீல ஒளி பட்டால் கெட்டுவிடும் என்பதால் அங்கே எந்நேரமும் மஞ்சள் விளக்குதான். "நாள் முழுக்க சாயங்கால வெயில்ல நிக்கிற மாதிரிம்மா" என்பாள். இப்போது உள்ளே போவதற்கான வெள்ளை உடையை மாட்டி முகமூடியை இழுத்துவிட்டதும், தன் முகம் யாருக்கும் தெரியாது என்பது மட்டுமே ஆறுதலாக இருந்தது.

தைப்பூசத்துக்கு அம்மாவோடு பால்குடம் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். விடியற்காலையில் அம்மா வந்து எழுப்பியபோது எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கால்கள் மட்டும் தரையில் ஊன்ற மறுத்தன. சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை அம்மா தனியாகவே நடந்துவிட்டு வந்தார். திட்டவில்லை. விபூதி பூசிவிட்டு, "கண்ணு பட்டிருக்கும்டி" என்றார். அன்று கயலுக்கு அழவும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை. பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பையன், மெஷினின் அளவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் கண்ட்ரோல் சார்ட்டைக் காட்டிக் கேட்டான்.

"அக்கா, எல்லாப் புள்ளியும் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு? ஏன் மெஷினை நிறுத்தச் சொல்றீங்க?"

"நடுக்கோட்டைப் பாரு. மெஷின் நல்லா இருந்தா புள்ளி மேலயும் விழும், கீழயும் விழும். இங்கே வரிசையா எட்டும் கீழயே இருக்கு. காசைச் சுண்டி எட்டுத் தடவையும் தலையே விழற மாதிரி. 256-ல் ஒரு வாய்ப்பு. எதுவும் எல்லையைத் தாண்டல, அலாரமும் அடிக்கல. ஆனா மெஷின் பழைய மெஷின் இல்ல. இப்பவே திறந்து பார்க்கணும்."

சொல்லி முடித்தபோது தொண்டை அடைத்தது. பையன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஈசூனில் ரயில் ஏறினாள். கான்பரா, செம்பவாங், அவள் இறங்க வேண்டிய அட்மிரல்ட்டி. கதவு திறந்தது. அவள் எழவில்லை. கதவு மூடியது. உட்லண்ட்ஸும் மார்சிலிங்கும் போய், கிராஞ்சியில்தான் இறங்கினாள். நடைமேடை நாற்காலியில் உட்கார்ந்து முதலில் விடுப்புக்குச் செய்தி அனுப்பினாள். அப்புறம் கைப்பேசிக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தாள். நவம்பர்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கள்கிழமையை நினைத்து வயிறு கலங்கியது. டிசம்பர்: கல்லூரித் தோழி கல்யாணத்தில் கழிவறையில் உட்கார்ந்து மெயில் பார்த்தேன். ஜனவரி: ஒரே ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. தைப்பூசம். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சின்ன விஷயம். "இந்த வாரம் அப்படி" என்று தள்ளிவிட்டவை. எண்ணிப் பார்த்தாள். எட்டுக்கு மேல் போய்விட்டது.

பர்ன்அவுட் என்று தேடினாள். அது நோயல்ல, சமாளிக்க முடியாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தின் விளைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்திருந்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறமையாகச் செய்ய முடியாமல்போவது. முதலாவதும் மூன்றாவதும் அவள் எதிர்பார்த்தவைதான். இரண்டாவதைப் படித்தபோதுதான் அந்த மஞ்சள் வெளிச்சம் ஞாபகம் வந்தது. சோம்பேறியாகிவிட்டோமோ என்று நாலு மாதமாகத் தன்னையே வைதுகொண்டிருந்தவள், முதல்முறையாக அப்படி இல்லையோ என்று நினைத்தாள்.

கம்பெனியிலேயே ஆலோசகர் உண்டு. ஆனால் மேலாளர் காதுக்குப் போகுமோ என்ற பயம். பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம், ஆனால் இன்று எழுந்து போகக் கால் வருமா? அப்பா இருந்திருந்தால், "நல்ல வேலை, பொறுத்துக்கம்மா" என்றிருப்பார். அவரும் முப்பது வருஷம் அப்படிப் பொறுத்துக்கொண்டவர். எங்காவது வலித்ததா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

1771. தேசிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 'உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்குத்தானே, நமக்கு எதற்கு' என்று விரல் ஒருமுறை பின்வாங்கியது. திறந்து பார்க்க அலாரம் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நேற்றுச் சொன்னது அவள்தான்.

அம்மாவுக்கு ஒரு குரல்செய்தி விட்டாள்: "அம்மா, இன்னைக்கு வேலைக்குப் போகல. சாயங்காலம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படாதீங்க."

பிறகு அழைத்தாள். ஆலோசகரின் குரல் நிதானமாக இருந்தது. பெயரைக் கேட்டது. இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாளா என்று கேட்டது.

"இருக்கேன். ரயில் நிலையத்துல."

"எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, கயல்?"

எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்து நின்று, கதவு மூடிப் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து நவம்பரிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.