மாத்திரை டப்பா சாப்பாட்டுத் தட்டு ஆகாது

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, உணவியல் துறைத் தலைவர் அவர்களே, விடுதிக் காப்பாளர் அம்மா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, தோழர் தோழிகளே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

செப்டம்பர் முதல் வாரம் தேசிய ஊட்டச்சத்து வாரம். அதையொட்டி ஊட்டச்சத்து மன்றத்தின் சார்பில் பேச வந்திருக்கிறேன். உணவியல் மூன்றாம் ஆண்டு மாணவி நான்.

விடுதி அறைகளின் ஜன்னல் திட்டில் இப்போதெல்லாம் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கிறது. மல்டிவைட்டமின், முடி கொட்டாமல் இருக்க பயோட்டின், மீன் எண்ணெய் கேப்சூல், அண்ணன்மார்கள் அறையில் புரோட்டீன் பவுடர். அதே நேரத்தில் காலை மெஸ்ஸில் பாதி இலை காலி. "சாப்பிட நேரமில்லை, அதான் மாத்திரை போட்டுட்டேனே" என்ற பதிலைத் தினமும் கேட்கிறோம். டப்பா வாங்குவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த இடத்தில் டப்பாவை வைப்பதுதான் என் கவலை. அந்த இடத்தை அதனால் நிரப்பவே முடியாது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே மனிதருக்கு எப்படித் தெரிந்தது? உணவிலிருந்து அதை நாமே எடுத்து எறிந்தபோதுதான். டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், 1890-களில் ஜாவாவில் இருந்தபோது, தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைப் பார்த்தார். தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடந்தன. மனிதருக்கும் இதேபோல் கால் விளங்காமல் செய்யும் பெரிபெரி நோய்க்கான விடை தவிட்டில் இருந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பின்னால் பி1 என்று பெயர் பெற்ற சத்து அதுதான்.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வரும் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், 1918-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் பாடப்புத்தகத்தில் வரும் அத்தனை அளவுகளும் அங்கிருந்து வருபவை. நெல்லை அவித்துக் காயவைத்துப் பிறகு குத்தும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கும் பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றன. புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் முன்னோர் வைட்டமின் என்ற பெயரையே கேட்டதில்லை, ஆனால் அந்தச் சத்து அவர்கள் தட்டில் இருந்தது.

சரி, சத்து எது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அதை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் போதாதா? இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளே மிகுந்த நம்பிக்கையோடு கேட்டார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்தார்கள். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டின்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஆய்வு நடத்தி, அவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கேயும் பாதிப்பு கூடியதால், 1996 ஜனவரியில் மாத்திரைகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதைப் படித்த அன்று வகுப்பில் நாங்கள் யாரும் பேசவில்லை. கேரட்டில் இருப்பதும் அந்த மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான். ஆனால் கேரட்டில் அது தனியாக இல்லை. நார்ச்சத்தோடும் வேறு நிறமிகளோடும் சேர்ந்து, அளவாக, மெதுவாக உடம்புக்குள் போகிறது. தனியாகப் பிரித்து, பெரிய அளவில், புகையால் ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல் உள்ளவருக்குக் கொடுத்தபோது நடந்தது வேறு. அந்த ஆய்வுகள் எல்லாருக்கும் எல்லா மாத்திரையும் கெடுதல் என்று காட்டவில்லை. காய்கறி தரும் நன்மையை அதிலுள்ள ஒரு சத்தால் தந்துவிட முடியாது என்று காட்டின. எனக்கு அது போதும்.

நம் சாப்பாட்டில் எது எதோடு சேர்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. சாம்பார் சாதத்தில் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது, பக்கத்தில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, அதனால் முருங்கைக்கீரைப் பொரியலில் விடும் எண்ணெய்க்கும் வேலை இருக்கிறது. இட்லி மாவு புளிக்கும்போது, தானியத்திலுள்ள தாது உப்புகளைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறைகிறது. காய்கறியின் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, ஆனால் பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் உணவு. எந்த மல்டிவைட்டமினிலும் ஒரு நாளுக்குத் தேவையான நார்ச்சத்து கிடையாது. இருக்கவும் முடியாது, அந்த எடையை மாத்திரைக்குள் அடைக்க இயலாது.

மாத்திரையே கூடச் சாப்பாட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. என் அறைத்தோழி ஒருத்தி ரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு போட்டுக்கொண்டிருந்தாள். டீயிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரை மாதக்கணக்கில் போனது, ஹீமோகுளோபின் ஏறவில்லை. மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, டீயைத் தள்ளி வைக்கச் சொன்னார். கூடவே சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்தச் சொன்னார்.

இந்த விஷயத்தில் தங்கைகளிடம் எனக்கு அக்கறை அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது இந்த அரங்கில் உங்களுக்கும் உங்கள் பக்கத்தில் இருப்பவளுக்கும் இடையில் ஒருவருக்கு இருக்கலாம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் கண் சொக்குகிறது என்றால் கடையில் மல்டிவைட்டமின் வாங்காதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புக்குறையா, பி12 குறையா, தைராய்டா என்று தெரியாமல் விழுங்கினால் உண்மையான நோய் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து ஜிம்முக்குப் போகும் தோழர்கள். ஒரு டப்பாவுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள், அதனால் கணக்கோடு பேசுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். இப்போது கூட்டுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம். 300 மில்லி பாலும் தயிருமாக 9. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 9. சாம்பார், கூட்டில் போகும் பருப்பில் 7. நாள் முழுக்கச் சாப்பிடும் இட்லி, சோறு, சப்பாத்தியில் சுமார் 20. மொத்தம் 64 கிராம் ஆகிவிட்டது. இன்னும் கோழியோ மீனோ கொள்ளுப் பருப்போ தட்டுக்கு வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குத் தேவை இதைவிடக் கூடும், உண்மைதான். அப்போதும் முட்டையையும் சுண்டலையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பவுடரைப் பற்றி யோசியுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடம்பை ஏற்ற புரோட்டீன் பவுடரை நாட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பயோட்டின் சாப்பிடும் தோழிகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டும். தைராய்டு பரிசோதனையும் அதில் ஒன்று. ஆய்வகத்துக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ, டி இரண்டும் உடம்பில் தேங்கக்கூடியவை, அளவு மீறினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். "வைட்டமின்தானே, என்ன செய்யும்" என்று யாரும் சொல்லாதீர்கள்.

சப்ளிமெண்ட் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அதை மறைப்பது நேர்மை ஆகாது. கருவுற விரும்பும் பெண்ணுக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் ஃபோலிக் அமிலம் அவசியம், அது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கிறது. பால்கூடத் தொடாத சைவர்களுக்கு பி12 வேறு வழியில் கிடைப்பது கடினம். ரத்தசோகை உள்ளவருக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்தக் கூடாது, நான் பேசியதைக் கேட்டு யாராவது நிறுத்தினால் அது பெரிய தவறு. குறை எது என்று தெரிந்து, அளவு தெரிந்து, காலம் தெரிந்து எடுப்பது மருத்துவம். காலை உணவுக்குப் பதிலாக எடுப்பதை எதிர்த்துத்தான் நான் நிற்கிறேன்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சப்ளிமெண்ட் டப்பாவே சொல்கிறது. பலவகை உணவுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பொடி எழுத்தில் இருக்கும், இன்று அறைக்குப் போனதும் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் தட்டில் என்ன இருக்க வேண்டும்? 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டாக தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அந்த வழிகாட்டி சொல்வது, தானியமும் சிறுதானியமும் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். நம் மெஸ் தட்டில் சோறு அளவுக்கு மேல் இருக்கிறது, காய் பாதி கூட இல்லை. பழம் என்றால் ஆப்பிள் வாங்க வேண்டியதில்லை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அது எப்போதும் எளிய விலைதான்.

காப்பாளர் அம்மாவிடம் மன்றத்தின் சார்பில் இரண்டு வேண்டுகோள். மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ கொடுக்க முடியுமா? எட்டரை மணிக்கு வகுப்பு இருக்கும் மாணவிகள் இட்லியைப் பாத்திரத்தில் எடுத்துப் போக அனுமதி கிடைக்குமா? செலவுக் கணக்கைத் துறையில் போட்டு வைத்திருக்கிறோம், இன்றே உங்களிடம் தருகிறேன் அம்மா.

தோழர் தோழிகளே, வரும் புதன்கிழமை மதியம் கேன்டீன் வாசலில் மன்றத்தின் மேசை இருக்கும். நீங்கள் சாப்பிடும் டப்பாவை எடுத்து வாருங்கள், லேபிளைச் சேர்ந்து படிப்போம். முந்தின நாள் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். எங்கள் பேராசிரியர்களும் உடன் இருப்பார்கள். ரத்தப் பரிசோதனை தேவைப்படுபவர்கள் எங்கே போக வேண்டும் என்றும் சொல்வோம்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.