Coffee என்ற ஒரு சொல், நான்கு கடைகள்

கணினியில் Coffee என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி, அதை நான்கு முறை நகலெடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். முதல் வரிக்கு Garamond, இரண்டாவதற்கு Helvetica (இல்லையென்றால் Arial போதும்), மூன்றாவதற்கு Rockwell, நான்காவதற்கு Brush Script என்று எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். எழுத்துருப் பெயர்களை மெனுவில் தேட வசதியாக அப்படியே தருகிறேன்.

எனக்கு முதல் வரியில் பித்தளை டபரா டம்ளரும் பழைய மர பெஞ்சும் தெரிகின்றன. இரண்டாவதில் கண்ணாடிக் கதவு போட்ட, ஏசி ஓடுகிற, க்யூஆர் கோடு ஒட்டிய புதுக் கடை. மூன்றாவது, கொட்டையை வறுத்துச் சாக்கு மூட்டையில் கட்டி அதன் மேல் மையால் முத்திரை குத்தியதுபோல இருக்கிறது. நான்காவதில் க்ரீம் ஊற்றிய கோல்டு காபி, பக்கத்தில் ஒரு துண்டு கேக். உங்களுக்குத் தெரியும் கடைகள் கொஞ்சம் வேறாக இருக்கலாம், ஆனால் நான்கும் ஒரே கடையாகத் தெரியாது.

எழுத்துரு தேர்வைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த எழுத்து எந்தக் கருவியில், எந்தப் பரப்பில் பிறந்தது என்று பாருங்கள். தூரிகையா, உளியா, பேனாவா, சுவரொட்டியா, தட்டச்சு இயந்திரமா? பிறந்த இடத்தின் குணம் எழுத்தை விட்டுப் போவதே இல்லை. கணினிக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை.

செரிஃப் என்றால் எழுத்துக் கோட்டின் முனையில் இருக்கும் சின்னக் கால். பெரிய எழுத்து I-யின் மேலும் கீழும் சிறு படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. ரோம் நகரில் கி.பி. 113-இல் நிறுவிய டிராஜன் தூணின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் செரிஃப் பெரிய எழுத்துகளுக்கு அதைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். கல் வெட்டும் உளியால்தான் அந்தக் கால் வந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் கையெழுத்துக் கலையில் தேர்ந்தவர், கல்லும் வெட்டத் தெரிந்தவர். அவர் அந்த எழுத்துகளை ஆராய்ந்து, முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதிவிட்டு அதன் மேல்தான் உளி வைத்தார்கள், தூரிகையைத் தொடங்கும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் கை திரும்புவதால் வரும் அடையாளம்தான் இந்தக் கால் என்று விளக்கினார். எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். ஒரு கோடு தடித்து அடுத்தது மெலிவதற்கும் அதே தூரிகைதான் காரணம் என்று புரிந்துவிடுகிறது.

அதனால் செரிஃபைப் பார்த்தவுடன் பழமை, நிதானம், படித்தவர் வீடு என்ற உணர்வு வருகிறது. ஆனால் செரிஃப் எல்லாம் ஒரே மனநிலை என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 16-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கிளோத் கரமோன் வெட்டிய அச்செழுத்துகளின் வழியில் வந்த Garamond மென்மையானது, பேனா பிடித்த கை அதில் தெரியும், கதையோ கவிதையோ அச்சிட அருமையாக இருக்கும். Times New Roman லண்டனின் தி டைம்ஸ் நாளிதழுக்காக 1932-இல் வந்தது. குறைந்த இடத்தில் நிறையச் சொற்கள் அடங்க வேண்டும் என்பது அதன் பிறவிக் கடமை, அதனால் செய்தி, மனு, வக்கீல் நோட்டீஸ் என்ற தொனி அதற்கு ஒட்டிக்கொண்டது. Bodoni, Didot இரண்டும் முற்றிலும் வேறு ஜாதி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பாணி, தடித்த கோடு நல்ல தடிமன், மெல்லிய கோடு தலைமுடி அளவு. ஃபேஷன் இதழ்களின் தலைப்புகளைப் பார்த்தால் தெரியும், நகை, வாசனைத் திரவியம், பட்டு என்றால் கை தானாக இங்கேதான் போகும். அதைப் பெரிதாக மட்டும் போடுங்கள். 8 பாயிண்டில் போட்டால் அந்த முடிக்கோடுகள் சாதாரண அச்சில் காணாமல் போய், n என்பது இரண்டு குச்சிகளாக நிற்கும்.

சான்ஸ் என்றால் பிரெஞ்சில் ‘இல்லாமல்’ என்று பொருள். கால் இல்லாத எழுத்து, அவ்வளவுதான். லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-இல் தன் மாதிரிப் புத்தகத்தில் காட்டிய ஒரு பெரிய எழுத்து வரிசையைத்தான் முதல் அச்சு சான்ஸ் செரிஃப் என்கிறார்கள். பிறகு விளம்பரத் தாள்களில் வளர்ந்து, 20-ஆம் நூற்றாண்டில் ரயில் நிலையப் பலகைக்கு ஏறியது. லண்டன் சுரங்க ரயிலுக்காக எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்து 1916-இல் வந்தது, அதன் வாரிசைத்தான் இன்றும் அங்கே பயன்படுத்துகிறார்கள். ஓடுகிறவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டும் என்ற அந்தத் தேவைதான் சான்ஸின் குணம்: நேரடி, சுத்தம், இன்றைய காலம்.

இதிலும் மூன்று முகம் உண்டு. Futura (1927) வட்டமும் முக்கோணமும் வைத்துக் கட்டியதுபோல இருக்கும். அதன் o கிட்டத்தட்ட முழு வட்டம், எதிர்காலம், அறிவியல், துல்லியம் என்ற உணர்வு தரும். 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த பலகையின் எழுத்து அதுதான். Helvetica, 1957-இல் சுவிட்சர்லாந்தில் Neue Haas Grotesk என்ற பெயரில் பிறந்தது, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அரசு அறிவிப்புக்கும் பொருந்தும், சட்டை விளம்பரத்துக்கும் பொருந்தும், சொல்லுக்குத் தன் பங்காக எதையும் சேர்க்காது. மூன்றாவது, Gill Sans, Verdana போன்றவை. கால் இல்லாவிட்டாலும் கையெழுத்தின் விகிதம் உள்ளே இருப்பதால் கொஞ்சம் கனிவாக இருக்கும். மருத்துவமனைக் கையேடு, பள்ளிச் சுற்றறிக்கை மாதிரி பயப்படாமல் படிக்க வேண்டியவற்றுக்கு நான் இந்த மூன்றாவது வகையைத்தான் எடுப்பேன்.

அப்புறம் ஸ்லாப். இதற்கும் கால் உண்டு, ஆனால் செரிஃபின் கால் செதுக்கிய கால் என்றால் இது செங்கல். எழுத்தின் கோடு எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அதே தடிமனில் சதுரமாக நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தது. தொழிற்சாலைகள் பெருகி, சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டத் தொடங்கிய காலம். புத்தகத்துக்கு வெட்டிய மெல்லிய எழுத்து தெருவில் எடுபடவில்லை, தூரத்திலிருந்து கத்தும் எழுத்து வேண்டியிருந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து என்றாலே மோகம், அதனால் இந்தப் பாணிக்கே ‘எகிப்தியன்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். எழுத்துக்கும் எகிப்துக்கும் வேறு உறவு எதுவும் இல்லை. Clarendon 1845-இல் வந்தது, அதில் காலும் கோடும் சேரும் இடம் வளைந்திருக்கும், அதனால் கொஞ்சம் நட்பாகத் தெரியும். Rockwell-இல் அந்த வளைவு கிடையாது, நேர் மூலை.

தட்டச்சு இயந்திரத்தின் கதையும் இங்கே சேரும். அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகல இடம்தான், m-க்கும் அதே அகலம், i-க்கும் அதே அகலம். ஒல்லியான i அந்த இடத்தில் தனியாக நின்றால் இருபக்கமும் ஓட்டையாகத் தெரியும், எனவே அதற்கு அகலமான கால் போட்டு இடத்தை நிரப்பினார்கள். 1950-களில் ஐபிஎம் தட்டச்சுக்காக வரைந்த Courier-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள், உடனே புரியும். ஹாலிவுட்டில் இன்றும் திரைக்கதையை 12 பாயிண்ட் Courier-இல்தான் எழுதுகிறார்கள். ஆக ஸ்லாபின் மனநிலை உழைப்பு, கனம், கோப்பு, பட்டறை. செக்கு எண்ணெய், மரச்சாமான், காபிக்கொட்டை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றுக்கும் நன்றாக உட்காரும். பிறந்த குழந்தையின் பெயர்சூட்டு விழா அழைப்பில் போட்டால் இடிக்கும்.

கடைசி வகை ஸ்கிரிப்ட், கையெழுத்து வழி வந்தது. இதில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒன்று, கூர்மையான பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் எழுதிய 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்திலிருந்து வந்த Snell Roundhand போன்றவை: சடங்கு, மரியாதை, பத்திரிகை வைத்து அழைப்பது. இன்னொன்று, தூரிகையால் சட்டென்று இழுத்ததுபோன்ற Brush Script (1942), Mistral (1953) போன்றவை: நெருக்கம், தின்பண்டம், விடுமுறை. கோகோ கோலாவின் பெயரை 1886-இல் அந்த நிறுவனத்தின் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன் அன்றைய அமெரிக்க வணிகக் கையெழுத்துப் பாணியில் எழுதினார். அந்தக் காலத்தில் கணக்குப் புத்தகத்திலும் கடிதத்திலும் புழங்கிய கையெழுத்து அது, இன்று நமக்குக் கொண்டாட்டமாகத் தெரிகிறது.

ஸ்கிரிப்டில் இரண்டு விஷயம் கண்டிப்பாக வேண்டாம். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் போடாதீர்கள், அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒற்றையாக நிற்க வரைந்தவை, வரிசையாக வைத்தால் கொடிகள் சிக்கிக்கொண்டதுபோல ஆகிவிடும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் கூட்டாதீர்கள், கைகோத்து வரும் கோடு அறுந்துவிடும். இன்னொன்று என் அனுபவம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர்களோடு நிறுத்தாமல் மண்டபத்தின் முகவரியையும் 9 பாயிண்ட் ஸ்கிரிப்டில் போட்டேன். அட்டை அழகாகத்தான் வந்தது. முகூர்த்த நாளன்று காலையில் வெளியூர்க் காரோட்டிகள் வரிசையாகப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்து வழி கேட்டார்கள், மேடையில் இருக்க வேண்டிய மனிதர் வாசலில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஸ்கிரிப்டில் பெயர் மட்டும்தான், முகவரியும் நேரமும் எண்ணும் எப்போதும் செரிஃபிலோ சான்ஸிலோதான்.

சேர்த்துப் போடுவதைப் பற்றி: ஒரு அட்டைக்கு இரண்டு எழுத்துருக் குடும்பம் போதும், அவை ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடட்டும். Garamond-உம் Times-உம் பக்கத்தில் நின்றால் அச்சுப்பிழை மாதிரித் தெரியும். ஸ்லாப் தலைப்புக்குக் கீழே சான்ஸ், ஸ்கிரிப்ட் பெயருக்குக் கீழே செரிஃப் என்று தொடங்குங்கள். காசு செலவில்லாமல் பழக வேண்டுமென்றால் கூகுள் எழுத்துருத் தளத்தில் Lora, Open Sans, Roboto Slab, Great Vibes நான்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, பக்கத்திலேயே தமிழ் வரியும் இருந்தால்? நம் எழுத்தில் I-க்கு இருப்பதுபோன்ற கால் இயல்பாகக் கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து என்பதும் இல்லை. அதனால் காலைத் தேடாமல், கோட்டின் தடிமன் ஏறி இறங்குகிறதா, சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். Noto Serif Tamil-இல் அந்த ஏற்ற இறக்கம் தெளிவாக இருக்கும், ஆங்கிலச் செரிஃபோடு அது நிற்கும். Noto Sans Tamil, Hind Madurai போன்றவை சீரானவை, சான்ஸோடு ஒத்துப்போகும். கையெழுத்து வாசம் வேண்டுமென்றால் Kavivanar-ஐ முயன்று பாருங்கள், லேசாகச் சாய்ந்து எழுதியதுபோல இருக்கும். ஆங்கில வரியும் தமிழ் வரியும் ஒரே பாயிண்டில் இருந்தாலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது, ஒன்றைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் ஆக வேண்டும்.

அளவைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணத் தாளில் அசல் அளவிலேயே அச்செடுத்து, வீட்டில் கண்ணாடி போட்டுப் படிக்கிற ஒருவரிடம் கொடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் போன் நம்பரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.