நேர மண்டலங்கள்: அயல்நாட்டு உறவினரை எப்போது அழைப்பது?

இந்தப் பாடம் பதின்ம வயது மாணவர்களுக்கானது. டொராண்டோவில் அத்தை, லண்டனில் சித்தப்பா, சிங்கப்பூரில் மாமா, மெல்போர்னில் பெரியம்மா என்று நான்கு நாடுகளில் உறவினர் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அழைக்கும் நீங்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறீர்கள். இரண்டு நாடுகளின் கடிகாரமும் ஒன்றே என்பதால் கணக்கு மாறாது. யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முடியுமா என்ற கேள்விக்கு, பாடம் முடிவதற்குள் தாளில் கணக்கிட்டே விடை சொல்லப் போகிறோம்.

நேரம் ஏன் வேறுபடுகிறது?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணி நேரத்துக்கு 15 பாகையும், ஒரு பாகைக்கு 4 நிமிடமும் ஆகின்றன. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முந்தி உதிக்கிறது. அவர்களுடைய கடிகாரமும் நம்முடையதைவிட முன்னால் ஓடுகிறது. 1884ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, லண்டனை ஒட்டிய கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டைச் சுழியக் கோடாக ஏற்றுக்கொண்டது. அதைத் தொடக்கமாகக் கொண்ட பொது நேரத்தை இன்று ஒருங்கிணைந்த உலக நேரம் என்கிறோம். கைபேசித் திரையில் அது UTC என்ற எழுத்துகளில் தெரியும்.

இந்தியாவின் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. 82.5ஐ 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். உலக நேரத்தைவிட நாம் +5:30 என்று எழுதுவதன் காரணம் இதுதான்.

எனினும் பாகைக் கணக்கை மட்டும் நம்பி எந்த ஊரின் நேரத்தையும் முடிவு செய்துவிடக் கூடாது. எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதை அந்தந்த நாட்டு அரசே தீர்மானிக்கிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்கில் இருக்கிறது. பாகைப்படி அது +7 ஆக இருந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே பின்பற்றப்படுவது +8. சீனா அவ்வளவு அகலமான நாடாக இருந்தும் முழுவதற்கும் ஒரே நேரத்தையே வைத்திருக்கிறது. நேபாளம் +5:45 என்று கால் மணிக் கணக்கில் நிற்கிறது. ஆகவே ஊரின் வித்தியாசத்தை நிலப்படத்திலிருந்து ஊகிக்காமல், கைபேசியின் உலகக் கடிகாரத்தில் அந்த ஊரின் பெயரைச் சேர்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். IST போன்ற சுருக்கங்களையும் நம்ப வேண்டாம். அது இந்திய நேரத்தைக் குறிப்பது போலவே இஸ்ரேல் நேரத்தையும் அயர்லாந்தின் கோடை நேரத்தையும் குறிக்கும். ஊரின் பெயரில் அந்தக் குழப்பம் கிடையாது.

இரண்டு படிக் கணக்கு

நம் நேரத்திலிருந்து நேராக டொராண்டோ நேரத்துக்குத் தாவ முயன்றால், கூட்டுவதா கழிப்பதா என்ற தடுமாற்றம் வரும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் உலக நேரத்தின் வழியாகவே செல்லுங்கள். முதலில் உங்கள் ஊரின் எண்ணைக் கழித்து உலக நேரத்தைக் கண்டுபிடியுங்கள்; பிறகு மற்ற ஊரின் எண்ணை அதனுடன் கூட்டுங்கள்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு அத்தையை அழைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7:00இலிருந்து 5:30ஐக் கழித்தால் உலக நேரம் ஞாயிறு அதிகாலை 1:30. குளிர்காலத்தில் டொராண்டோவின் எண் −5. அதிகாலை 1:30இலிருந்து ஐந்து மணி பின்னால் சென்றால் நள்ளிரவைத் தாண்டி முந்தைய நாளுக்குள் போய்விடுகிறோம். விடை சனிக்கிழமை இரவு 8:30. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்திருக்க, அத்தைக்குச் சனிக்கிழமையே இன்னும் முடியவில்லை. மணியை மட்டும் எழுதி நாளை எழுதாமல் விடுவதே இந்தக் கணக்கில் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. விடையின் பக்கத்தில் கிழமையையும் எழுதினால்தான் அது முழு விடை.

பிறந்தநாள் வாழ்த்தில் இந்தப் பிழை உடனே வெளிப்படும். அத்தை மகளுக்கு ஜனவரி 15 பிறந்தநாள் என்றால், இங்கே 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவில் அவளுக்கு 14ஆம் தேதி பிற்பகல் 1:30தான். அவளுடைய கடிகாரத்தில் 15 பிறக்கும் கணத்தில் வாழ்த்த வேண்டுமானால், நம் நேரப்படி 15ஆம் தேதி காலை 10:30க்கு அழைக்க வேண்டும்.

லண்டனுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். நம் நேரம் பிற்பகல் 3 மணி என்றால், 3இல் நின்ற சிறிய முள் 9 இருக்கும் பக்கத்தையும் 12இல் நின்ற பெரிய முள் 6 இருக்கும் பக்கத்தையும் காட்டும். சித்தப்பாவுக்குக் காலை 9:30. சிறிய முள் அரைக் கட்டம் தள்ளித் தெரியும் என்றாலும் நேரத்தைப் படித்துவிட முடியும். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணியாக இருக்கும் குளிர்கால மாதங்களில் மட்டுமே இது பொருந்தும்.

கோடையில் நகரும் கடிகாரங்கள்

சில நாடுகள் கோடையின் நீண்ட பகலைப் பயன்படுத்திக்கொள்ள ஆண்டுதோறும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தி, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருகின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இந்த வழக்கம் இல்லை. நம் கடிகாரம் அசையாமல் நிற்பதால் வித்தியாசமும் மாறாது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மறுமுனை நகரும்போது இடைவெளியும் நகர்கிறது.

டொராண்டோவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை −4. மற்ற மாதங்களில் −5. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை +1. மற்ற மாதங்களில் 0. மெல்போர்ன் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே கோடை தலைகீழாக வருகிறது: அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை +11, மற்ற மாதங்களில் +10. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆண்டு முழுவதும் +10இலேயே நிற்கிறது. ஆகவே நாட்டின் பெயர் போதாது, ஊரின் பெயர் வேண்டும்.

இந்த மாற்றங்கள் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். 2026இல் டொராண்டோ மார்ச் 8 அன்று நகர்ந்தது, லண்டன் மார்ச் 29 அன்றுதான் நகர்ந்தது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் அவ்விரு ஊர்களுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணி வித்தியாசமே இருந்தது. வாராவாரம் பேசும் குடும்பங்களில் “ஏன் யாரும் வரவில்லை?” என்ற குழப்பம் எழுவது பெரும்பாலும் இத்தகைய வாரங்களில்தான். இதைத் தவிர்க்க, அழைப்பு எந்த ஊரின் கடிகாரப்படி நிலையானது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். நம் மாலை 5:30 என்று வைத்தால் அத்தைக்குக் குளிர்காலத்தில் காலை 7 மணியும் கோடையில் 8 மணியும் ஆகும். அத்தையின் காலை 7 மணி என்று வைத்தால் கோடையில் நாம்தான் 4:30க்கு வந்து உட்கார வேண்டும்.

ஐவரும் சேரும் நேரம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். காலை 7 முதல் இரவு 10 வரை ஒருவரை அழைக்கலாம் என்று கொள்வோம். ஒவ்வொருவருடைய 7 மணியையும் 10 மணியையும் உலக நேரமாக மாற்றி எழுதினால், ஜூலை மாதத்தில் இப்படி அமைகிறது:

டொராண்டோ: 11:00 முதல் மறுநாள் 02:00 வரை
லண்டன்: 06:00 முதல் 21:00 வரை
நம் ஊர்: 01:30 முதல் 16:30 வரை
சிங்கப்பூர்: முந்தைய நாள் 23:00 முதல் 14:00 வரை
மெல்போர்ன்: முந்தைய நாள் 21:00 முதல் 12:00 வரை

ஐந்து வரிகளுக்கும் பொதுவான பகுதியைத் தேடுங்கள். கடைசியாக விழிப்பவர் டொராண்டோ அத்தை, 11:00க்கு. முதலில் உறங்கச் செல்பவர் மெல்போர்ன் பெரியம்மா, 12:00க்கு. இடையில் கிடைப்பது ஒரு மணி நேரம். நம் நேரத்தில் அது மாலை 4:30 முதல் 5:30 வரை. அப்போது அத்தைக்குக் காலை 7, சித்தப்பாவுக்கு நண்பகல் 12, மாமாவுக்கு இரவு 7, பெரியம்மாவுக்கு இரவு 9.

ஜனவரியில் இதே கணக்கைப் போட்டால் அந்த ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. அத்தையின் காலை 12:00க்குத்தான் தொடங்குகிறது. பெரியம்மாவின் இரவோ 11:00க்கே முடிந்துவிடுகிறது. இங்கே கணக்கு ஓய்ந்து, பேச்சு தேவைப்படுகிறது. உலக நேரம் 11:30 என்று வைத்தால் நமக்கு மாலை 5 மணி. அத்தை காலை 6:30க்கு எழுந்தும் பெரியம்மா இரவு 10:30 வரை விழித்திருந்தும் பேச வேண்டும். வேறு வழியாக, நம் காலை 7 மணிக்கு வைத்தால் அத்தைக்கு இரவு 8:30, பெரியம்மாவுக்குப் பகல் 12:30. ஆனால் லண்டன் சித்தப்பாவுக்கு நள்ளிரவு தாண்டி 1:30 ஆகிவிடும். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இருவர் அரை மணி விட்டுக்கொடுப்பது ஒருவர் இரவையே இழப்பதைவிட மேல். அப்போதும் சிரமம் எப்போதும் அதே இருவர் தலையில் விழாமல், ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நேரத்தை மாற்றி வைப்பது நியாயம்.

விழித்திருக்கும் நேரம் என்பதும் ஓய்வாக இருக்கும் நேரம் என்பதும் வேறு வேறு. இரவுப் பணி செய்யும் ஒருவருக்குக் காலை 10 மணி ஆழ்ந்த தூக்க நேரமாக இருக்கலாம். கத்தாரிலும் சவூதி அரேபியாவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆதலால், நமக்கு ஓய்வான ஞாயிறு அங்கே வேலை நாள். இவற்றை எந்தக் கடிகாரமும் காட்டாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்ட பிறகு செய்தியை இப்படி அனுப்புங்கள்: “அத்தை, ஞாயிறு எங்களுக்கு மாலை 5:30, உங்களுக்கு அதே ஞாயிறு காலை 7 மணி. அழைக்கலாமா?” இரண்டு நேரமும் கிழமையும் ஒரே வரியில் இருப்பதால், அத்தை உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும் முடிகிறது.

பயிற்சி

1. கத்தாரின் தலைநகர் தோஹாவின் எண் +3. வெள்ளிக்கிழமை நம் மாலை 7 மணிக்கு அங்கே நேரம் என்ன? அன்று அங்கே வேலை நாளா?

2. 2026 மார்ச் 15, ஞாயிறு, நம் மாலை 6:30. லண்டனிலும் டொராண்டோவிலும் நேரம் என்ன?

3. பிரிஸ்பேனில் இருக்கும் ஒருவர் “என்னுடைய புதன் காலை 4 மணிக்கு விமானம், அதற்கு எட்டு மணி நேரம் முன்பு அழையுங்கள்” என்கிறார். நம் கடிகாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும்?

4. உங்கள் உறவினர் ஒருவரின் ஊருக்கு, அழைக்கத்தக்க நேரத்தை உலக நேரத்தில் ஒரு வரியாக எழுதி, அதன் கீழே உங்கள் வரியை எழுதிப் பொதுப் பகுதியைக் குறியுங்கள். அந்த ஊரில் கடிகாரம் நகருமானால் இரண்டு பருவங்களுக்கும் தனித்தனியே செய்யுங்கள்.

விடைகள்: 1) மாலை 4:30, விடுமுறை நாள். 2) உலக நேரம் 13:00, லண்டன் பிற்பகல் 1 மணி, டொராண்டோ காலை 9 மணி. 3) பிரிஸ்பேனில் செவ்வாய் இரவு 8 மணி, நமக்குச் செவ்வாய் பிற்பகல் 3:30.